பல்பொடிக் கம்பெனியின் ருஷ்ய பாலன்ஸ் ஷீட்

ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நாவல் எல்லாம் மொழிபெயர்ப்பீங்களா?" மாட்டேன். நாவலில் எனக்கு வாடகை வராது. அபிராமபுரத்தில் மாடி போர்ஷனில் இருந்துகொண்டு நான் மொழிபெயர்ப்பது பாய்லர் கையேடு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளின் மார்க் ஷீட், கம்பெனிக் கணக்கு. நான் ராயப்பேட்டையில் வளர்ந்தவள். மாலை வகுப்பில் ஃபீஸ் குறைவாக இருந்த மொழி ருஷ்யன் என்பதால் படித்தேன். இதற்கு மேல் உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

கம்பெனிக் கணக்கு எனக்குப் பிடிக்கும். அதில் யாரும் யாரையும் நினைத்து உருகுவதில்லை. சரி அல்லது தப்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்காக நான் பட்ட பாட்டில் மிகவும் பெரியது ஒரு பல்பொடிக் கம்பெனியால் வந்தது.

தி.நகரில், நகைக்கடைக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில் அந்தக் கம்பெனியின் ஆபீஸ். முதலாளி ஒரு அம்மாள். புருஷன் போன பிறகு தொழிலைத் தானே எடுத்து நடத்துகிறவர். கிராம்பு, கடுக்காய், படிகாரம் என்று போட்டு மூலிகைப் பல்பொடி செய்வார்கள். மாஸ்கோவில் ஒரு மொத்த வியாபாரி அதைக் கேட்டிருந்தார். தொண்ணூறு லட்ச ரூபாய் ஆர்டர். பாதிப் பணம் முன்கூட்டியே தருவார்கள். அந்த முன்பணம் வந்தால்தான் இந்த அம்மாள் கிராம்பு வாங்க முடியும். வராவிட்டால் ஆர்டரே இல்லை. முன்பணம் கொடுக்கலாமா என்று அங்கே ஒரு குழு முடிவு செய்யும், அதற்கு முன்னால் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டை அவர்களுடைய கணக்கர் ருஷ்ய மொழியில் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாள் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு முறை கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்து அனுப்பிவிட்டிருந்தார். அது திரும்பி வந்துவிட்டது. என்னிடம் அதைக் காட்டினார்.

"இதுல என்ன தப்பு, மேடம்? ருஷ்யன் எழுத்துதானே இருக்கு?"

படித்துப் பார்த்தேன். கிடங்கில் இருக்கும் சரக்கு என்ற வரிக்கு அந்த மெஷின் 'இன்வென்தார்' என்று போட்டிருந்தது. ருஷ்யனிடம் போய் இன்வென்தார் என்றால் அவன் நினைப்பது துடைப்பம், வாளி, மண்வெட்டி. சரக்குக்கு அங்கே இருக்கும் வார்த்தை 'ஸபாஸி'.

"உங்க கிட்ட முக்கால் கோடி ரூபாய்க்குத் துடைப்பம் இருக்குன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க" என்றேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அவ்ளோ துடைப்பத்தை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றதாம்?" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. வேலையை எடுத்துக்கொண்டேன்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ருஷ்யாவில் பாலன்ஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரிக்கும் அரசாங்கப் படிவத்தில் நிலையான பெயர் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் நாலு இலக்க எண்ணும் இருக்கும். நிலம், கட்டடம், மெஷின் எல்லாம் சேர்ந்த வரிக்கு நாம் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் 'அஸ்னவ்னியெ ஸ்ரேத்ஸ்த்வா' என்று இரண்டே வார்த்தையில் முடிப்பார்கள். நேராகச் சொன்னால் 'அடிப்படைச் சாதனங்கள்'. எண் 1150. சரக்கு 1210. நமக்கு வர வேண்டிய பாக்கி 1230. அங்கே கணக்குப் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே மொழிபெயர்ப்பவருக்கு இங்கே சொல்வளம் தேவையில்லை. இருக்கிற பெயரைத் தேடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிக் குறிப்பு வரைக்கும் அதையே போட வேண்டும். அழகுக்காக ஒரு இடத்தில் மாற்றினால் கணக்கர் அதை வேறு வரி என்று நினைத்துத் தேட ஆரம்பிப்பார். இலக்கியம் படித்துவிட்டு வரும் சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது.

பெயர்களெல்லாம் சுலபமாகத்தான் அமைந்தன. ஒரு வரி மட்டும் மாட்டிக்கொண்டது. நம் ஊரில் 'ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் கொட்டி வைப்போம். பங்கை அதிக விலைக்கு விற்றதில் வந்த பணம், பொதுவாக ஒதுக்கி வைத்தது, பங்கு பிரிக்காமல் சேர்ந்த லாபம் மூன்றும் அதற்குள் இருக்கும். ருஷ்யப் படிவத்தில் இவை மூன்றும் தனித்தனி வரிகள். மூன்றையும் சேர்த்து 'ரிசர்வ்' என்று போட்டால், வரப்போகிற நஷ்டத்துக்கு எடுத்து வைத்த பணமோ என்று அங்கே சந்தேகப்படுவார்கள்.

இதைக் கேட்க மயிலாப்பூரில் அந்தக் கம்பெனியின் ஆடிட்டரிடம் போனேன். மாட வீதியில் பாத்திரக்கடைக்கு மேலே அவர் ஆபீஸ். எழுபதைத் தொடப்போகிற மனிதர். விபூதியும் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியும், எப்போதும் ஒரு சண்டைக்குத் தயார். அவருக்கும் எனக்கும் அதில் நல்ல பொருத்தம்.

"சார், இந்த வரியை மூணாப் பிரிக்கணும். அப்புறம், அவங்க படிவத்துல சொத்து மேல வரும், கடன் கீழே வரும். நீங்க தலைகீழா வச்சிருக்கீங்க."

"தலைகீழாவா? ஏம்மா, நான் கையெழுத்துப் போட்ட பாலன்ஸ் ஷீட்டைத் தலைகீழ்னு சொல்றேளா?"

"அவங்களுக்குத் தலைகீழ்னு சொன்னேன்."

"அவாளுக்கு வேணும்னா அவா தலைகீழா நின்னுண்டு பாக்கட்டும். நான் போட்ட வரியை மாத்தப்படாது. ஒரு புள்ளி மாத்தினாலும் அது நான் ஆடிட் பண்ண கணக்கு இல்லே. வேற யாரோடதோ."

அவர் சொன்னது சரி. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் சரி. மொழிபெயர்ப்பாளருக்கு வரியைப் பிரிக்கவோ இடம் மாற்றவோ உரிமை கிடையாது. மூலத்தில் எந்த வரிசையோ அந்த வரிசைதான். ஆனால் ருஷ்யக் கணக்கர் தன்னுடைய படிவத்தையும் அனுப்பி, இதை நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு பேரும் குரலை உயர்த்திப் பேசிப் பேசி, பாத்திரக்கடைப் பையன் மேலே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மொழிபெயர்ப்பு மூலத்தைப் போலவே இருக்கும். அதோடு சேராத தனித் தாளில், நம்முடைய எந்த வரி அவர்கள் படிவத்தில் எந்த எண்ணுக்குப் போகும் என்று ஒரு பட்டியல் தருவேன். மூன்றாகப் பிரிவதற்குத் தேவையான தொகைகள் ஆடிட்டரின் குறிப்புகளிலேயே இருந்தன. படிவத்தைக் கம்பெனியே தன் பொறுப்பில் நிரப்பி, முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பும்.

"இது ஒத்துக்கலாம்" என்றார் ஆடிட்டர். "ஆமா, லாபத்துக்கு அவா பாஷையில என்ன?"

"ப்ரீபில்."

"ப்ரீபில்" என்று சொல்லிப் பார்த்தார். "நன்னாருக்கு. ஃப்ரீயா வந்த பில்லு மாதிரி." தானே சிரித்துக்கொண்டு காபி வரவழைத்தார்.

நான் மொழிபெயர்ப்பையும் பட்டியலையும் அனுப்பினேன். மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'லட்சம் ரூபாயில்' என்று எழுதி, ஒரு லட்சம் என்றால் நூறு ஆயிரம் என்று கீழே குறிப்பும் போட்டிருந்தேன். படிவத்தை நிரப்பியதும் அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டுங்கள் என்றும் எழுதினேன். யாரும் காட்டவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் முதலாளியம்மாள் போன் செய்தார்.

"மேடம், மாஸ்கோலேருந்து மெயில் வந்திருக்கு. கணக்கு ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகலை, இந்த நிலைமையில முன்பணம் தர முடியாதுங்கறாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு அங்க மீட்டிங்காம். உங்க மொழிபெயர்ப்புல தப்பு இருக்குபோல."

என் மொழிபெயர்ப்பில் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். தப்பு இருந்தால் வேறு விதமாக ஏறும், அதற்கு நான் தயார். இல்லாத தப்பைச் சொன்னால் பொறுக்க மாட்டேன். ஆட்டோக்காரர் தி.நகருக்கு இருநூறு கேட்டார். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். அவரே பயந்துபோய், "இன்னா மேடம், ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்.

ஆபீஸில் முதலாளியம்மாள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனியின் அக்கவுண்டன்ட். முப்பது வயது இருக்கும், வேளச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, எக்செல்லில் தன்னை வெல்ல ஆள் இல்லை என்று நினைப்பு.

"எந்தத் தப்பு? எந்த வரி? காட்டுங்க" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அக்கவுண்டன்ட் மெயிலைக் காட்டினான். ருஷ்யக் கணக்கர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். நாங்கள் கொடுக்கும் ஆர்டர் ஒன்பதாயிரம் ஆயிரம் ரூபாய் (நம் கணக்கில் தொண்ணூறு லட்சம்). உங்கள் கம்பெனியின் மொத்தச் சொத்து நானூற்று எண்பத்தாறு ஆயிரம் ரூபாய். எங்கள் ஆர்டர் உங்கள் கம்பெனியைப் போலப் பதினெட்டு மடங்கு. இதை எப்படித் தயாரிப்பீர்கள் என்று விளக்கவும். மேலும் இணைத்துள்ள மொழிபெயர்ப்பு வேறு மாதிரி சொல்கிறது. எது உண்மை?

"நீ அனுப்பின படிவத்தைத் திற."

திறந்தான். வரிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. என் பட்டியலைப் பார்த்து ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். மொத்தம் 486.20. மேலே தலைப்பில் ருஷ்ய மொழியில் அச்சாகியிருந்தது, 'ஆயிரம் ரூபாயில்'.

நம் கணக்கு லட்சத்தில் இருக்கிறது. 486.20 என்றால் நாலு கோடியே எண்பத்தாறு லட்சம் சொச்சம். இவன் அந்த எண்ணை அப்படியே ஆயிரத்தில் கேட்கும் படிவத்தில் வைத்துவிட்டான். கம்பெனி நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் தட்டு வைத்துப் பல்பொடி விற்கும் கடையாகிவிட்டது.

"இந்தத் தலைப்புல என்ன போட்டிருக்குன்னு யாரையாவது கேட்டியா?"

"ருஷ்யன்ல கீது மேடம், நான் இன்னா பண்ணுவேன்?"

"ருஷ்யன் தெரிஞ்சவ ஒருத்தி காசு வாங்கிட்டு அபிராமபுரத்துல உக்காந்திருக்கேன்ல! காட்டுன்னு எழுதினேனா இல்லையா?"

"அவசரம் மேடம். அம்மாதான் சீக்கிரம் அனுப்புன்னு…"

முதலாளியம்மாள் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தப்பு எங்களுது. இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேரையும் நிதானமா திட்டுங்க."

மாஸ்கோவுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய மூன்று மணி என்றால் நமக்கு ஐந்தரை. நேரம் இருந்தது. வீடியோவில் அழைத்தோம். திரையில் வந்த அந்தக் கணக்கர் ஐம்பது வயது அம்மாள், தலைமுடியை இழுத்துக் கட்டி, பின்னால் ஜன்னலில் வரிசையாகச் செடி. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். லட்சம் என்றால் என்ன, அது எப்படிப் படிவத்தில் ஆயிரமாக உட்கார்ந்தது என்று.

அவர் கேட்டுவிட்டு, "எல்லோரும் ஆயிரத்தில் எண்ணும்போது நீங்கள் ஏன் லட்சத்தில் எண்ணுகிறீர்கள்?" என்றார்.

"எங்களிடம் ஆட்கள் அதிகம்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் முகத்தில் அசைவே இல்லை. "நீங்கள் சொல்வதைக் குழுவிடம் சொல்ல முடியாது. காகிதம் வேண்டும். திருத்திய படிவம், தலைவரின் கையெழுத்தோடு. இரண்டு பக்கமும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் என் கம்ப்யூட்டர் ஏற்காது. கம்ப்யூட்டர் ஏற்றாலும் நான் ஏற்க மாட்டேன்." அழைப்பைத் துண்டித்துவிட்டார். எனக்கு அவரையும் பிடித்திருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஆடிட்டருக்கும் போன் செய்தேன். அவர் "தொடாதேங்கோ, நான் வரேன்" என்றார். அதற்குள் அக்கவுண்டன்டுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மேடம், சிம்பிள். லட்சத்துல ரெண்டு டெசிமல் கீது. புள்ளியை எட்த்துட்டா ஆயிரம். பன்னெண்டு புள்ளி முப்பத்தஞ்சு லட்சம், ஆயிரத்து இருநூத்து முப்பத்தஞ்சு ஆயிரம். கரீட்டா?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவன் ஒரே தட்டில் எல்லா வரியிலும் புள்ளியை அழிக்கச் சொல்லி எக்செல்லுக்குக் கட்டளை கொடுத்தான். எண்கள் மாறின. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். சொத்துப் பக்கத்தின் மொத்தமும் கடன் பக்கத்தின் மொத்தமும் ஒத்துப்போகவில்லை. கொஞ்சநஞ்சமல்ல, பல லட்ச ரூபாய் வித்தியாசம்.

"முன்னாடி டாலி ஆச்சே!" என்று முதலாளியம்மாள் கத்தினார்.

"ஆச்சும்மா. இப்பதான் ஆவல."

"புள்ளியை எடுத்தா காசு எங்கடா போகும்?"

அவன் வரி வரியாக மறுபடி கூட்ட ஆரம்பித்தான். நான் வரி எண்களைச் சரிபார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. அந்த நேரத்தில் ஆடிட்டர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். தண்ணீர் கொடுத்ததை வாங்காமல் நேராகத் திரையைப் பார்த்தார்.

"சரக்கு எவ்ளோன்னு போட்டிருக்கே?"

"எழுநூத்து நாப்பத்து மூணு, சார்."

"நான் ஆடிட் பண்ணது எழுபத்து நாலு புள்ளி முப்பது. அந்த சைபர் எங்கே?"

அக்கவுண்டன்ட் அந்தக் கட்டத்தின் பழைய எண்ணைச் சொடுக்கிப் பார்த்தான். எக்செல் 74.30 என்று காட்டும், ஆனால் உள்ளே வைத்திருப்பது 74.3. கடைசி சைபர் வெறும் காட்சிக்கு. புள்ளியை அழித்தால் 7430 வராது, 743தான் வரும். சைபரில் முடிந்த வரிகள் எல்லாம் பத்தில் ஒன்றாகிவிட்டன. மற்றவை சரியாக இருந்தன. அதனால்தான் எங்கே ஓட்டை என்று தெரியவில்லை.

"புள்ளியை அழிக்கறானாம்! கணக்குன்னா அழிச்சுப் பண்றதா? நூறால பெருக்குடா!"

"பெருக்கறேன் சார், கத்தாதீங்க சார்."

"நான் கத்தலே. இது என் சாதாரணக் குரல்."

"ஆமா, எனக்குத் தெரியும்" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

பழைய எண்களைத் திரும்பக் கொண்டுவந்து நூறால் பெருக்கினான். இரண்டு பக்கமும் 48,620 என்று நின்றன. ஆனாலும் ஆடிட்டர் விடவில்லை. ஒவ்வொரு வரியாக நான் ருஷ்யப் பெயரைப் படிக்க, அதன் அர்த்தத்தைச் சொல்ல, அவர் தன் பிரதியில் தொகையைப் படிக்க, அக்கவுண்டன்ட் திரையில் விரல் வைத்து ஓட்டினான். உஸ்தாவ்னி கபிதால், பங்கு மூலதனம். ஸபாஸி, சரக்கு. கொடுக்க வேண்டிய பாக்கி வந்தபோது ஆடிட்டர் நிறுத்தினார்.

"வாடிக்கையாளர் குடுத்த முன்பணம் நம்ம கணக்குல 'இதர கடன்'ல இருக்கே. அவா எங்கே வைப்பா?"

"இதே வரியில, பாக்கியோட சேத்து."

"அது சரி. நாளைக்கு இவா அனுப்பற முன்பணமும் அங்கேதான் போய் உக்காரும்."

"அனுப்பினா" என்றார் முதலாளியம்மாள். அதுவரை அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எண்களுக்கு நடுவில் நம் கமாவை எடுத்துவிட்டு இடைவெளி விடச் சொன்னேன். அங்கே கமா போட்டால் அது தசமப் புள்ளி. இன்னொரு முறை கம்பெனியைச் சுருக்க எனக்குத் தெம்பில்லை. முதலாளியம்மாள் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், ஸ்கேன் செய்து அனுப்பினோம். ஏன் தப்பு நடந்தது என்று நான் ருஷ்யனில் நாலு வரி விளக்கம் எழுதினேன். 'வருந்துகிறோம்' என்று ஒரே முறைதான் எழுதினேன். கெஞ்சினால் சந்தேகம் வரும்.

உடனே பதில் வந்தது. இரண்டே வார்த்தை. பலான்ஸ் ஸஷோல்ஸ்யா.

"என்னவாம்?" என்று மூவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"டாலி ஆயிடுச்சாம்."

ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்து, அப்போதுதான் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். "கணக்கு பாக்கறவா எல்லா ஊர்லயும் ஒரே ஜாதிதான்" என்றார்.

ஆனால் டாலி ஆவது வேறு, பணம் வருவது வேறு. குழு கூடி முடிக்க வேண்டும். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே பேக்கிங் செய்யும் பெண்கள் வேலை முடிந்து கைகழுவிக்கொண்டு, மேலே என்ன கூச்சல் என்று ஒவ்வொருத்தராகப் படியில் வந்து நின்றார்கள். முதலாளியம்மாள் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். அக்கவுண்டன்ட் ஓடினான், அன்றைக்கு அவன் எதற்கும் ஓடியிருப்பான். நான் திட்டுவதற்காக மனதில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் வாழைக்காய் பஜ்ஜியோடு விழுங்கினேன். சூடாக இருந்தது.

கடைசித் துண்டைத் தின்னும்போது மெயில் வந்தது. முதலாளியம்மாள் திறக்க மறுத்தார். "நீங்களே படிங்க, மேடம். எனக்கு வேணாம்." படித்தேன். முன்பணத்துக்கு ஒப்புதல். ஒப்பந்தம் நாளை வரும். கீழே அந்தக் கணக்கர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். அதையும் தமிழில் சொன்னேன்: "அடுத்த ஆண்டுக் கணக்கையும் இதே பெயர்களில், இதே வரிசையில், ஆயிரத்தில் அனுப்பவும்."

"அடுத்த வருஷமுமா?" முதலாளியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அப்புறம் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், நாளைக்கு எல்லாரும் சீக்கிரம் வாங்க! கிராம்பு வருது!"

படியில் நின்ற ஒருத்தி கேட்டாள். "இன்னாம்மா, ருஷ்யாக்காரன் நம்ம பல்பொடில பல்லு தேய்க்கப் போறானா?"

"தேய்க்கட்டும்டி. நம்ம ஊருத் துடைப்பத்தாலதான் தேய்க்கணும்னு இருந்தான், தப்பிச்சான்."

அவர்களுக்கு அது புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்கள். நான் அடுத்த வருஷத்துக்கான ரேட்டை அங்கேயே பேசி முடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே கேட்டேன். அந்த அம்மாள் அன்றைக்குப் பேரம் பேசவில்லை. ஆடிட்டர்தான் நடுவில் புகுந்து, "இது ரொம்ப ஜாஸ்தி" என்றார்.